இவண் இல்லாத படங்கள்

நுழையும்முன்

ஒரு சொல்லின் பொருள் அது வரும் தொடரைப் பொறுத்தது என்பதை இலக்கணம் கற்பிக்கிறது. படத்தின் பொருளும் அவ்வாறே இடம் நோக்கி மாறுவது. இன்று கைப்பேசி வழியாகப் பரவும் நகைச்சுவைப் படங்கள், ஒருவர் கையில் கேலியாகவும் அவருடைய எதிரணியினர் கையில் பெருமிதமாகவும் நிற்கின்றன. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதனை எவ்வாறு அறிவது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சுவரொட்டியும் மீமும்

மதுரையில் வைகையின் தென்கரையை அடுத்துள்ள பகுதி சிம்மக்கல். சிம்மம், கல் என்னும் இரு சொற்களால் அமைந்த இப்பெயரே ஒரு சிற்பத்தை நினைவூட்டுகிறது. அதற்கு அருகிலேயே யானைக்கல் இருக்கிறது. உருவத்தைக் கொண்டு இடத்தை அடையாளம் காட்டும் பழக்கம் இந்நகரத்திற்குப் புதிதன்று. அப்பழக்கத்தின் இன்றைய வடிவமாக மதுரையின் சுவரொட்டிகளைக் கருதலாம். காதணி விழா, திருமணம், தலைவரின் பிறந்தநாள், திரைப்பட வெளியீடு, நினைவஞ்சலி என எந்நிகழ்வாயினும் அது முதலில் சுவரில் தோன்றும். தலைவரை அரசராகவோ திரைநாயகராகவோ காட்டும் படங்கள் நடுவில் இருக்கும். கீழ்ப்பகுதியில் ‘இவண்’ என்னும் சொல்லும் அதனையடுத்து ஒட்டியவர்களின் பெயர்களும், பெரும்பாலும் அவர்களுடைய சிறு நிழற்படங்களும் அமைந்திருக்கும்.

இந்த ‘இவண்’ என்னும் ஒரு சொல் செய்யும் பணி பெரிது. படத்தைப் பார்ப்பவர் அது யாரால், எந்த அணியிலிருந்து, யாரைப் போற்றவோ இகழவோ வைக்கப்பட்டது என்பதை அதனைக் கொண்டே உணர்ந்துகொள்கிறார். தேர்தல் காலச் சுவரொட்டிகளுக்குச் சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு, தேர்தல் துண்டறிக்கைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும் என்கிறது.

சுவரில் ஒட்டிய தாள் ஒட்டிய இடத்திலேயே இருக்கும். ஒட்டியவர் பெயரும் அதனுடன் இருக்கும். மீம் அவ்வாறு நிற்பதில்லை. அது கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் செல்லும்போது முதலில் உருவாக்கியவரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. யார் பகிர்கிறாரோ அவர் பெயரே அப்படத்தின் ‘இவண்’ ஆகிவிடுகிறது. எனவே, பகிர்பவர் மாறும்போதெல்லாம் பொருளும் மாறுவதற்கு வழி திறக்கிறது.

நிலையான படமும் மாறும் பெயரும்

‘மீம்’ என்னும் சொல்லை ஆங்கில உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ் 1976இல் வெளிவந்த தம் நூலொன்றில் உருவாக்கினார். ஒருவரைப் பார்த்து மற்றொருவர் போலச் செய்வதால் பரவும் பண்பாட்டுக் கூறு என்பதே அவர் தந்த பொருள். பாடல், பழக்கம், சொல்வழக்கு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். பிற்காலத்தில் இணையத்தில் பரவும் நகைச்சுவைப் படங்களைக் குறிப்பதாக அச்சொல் சுருங்கியது. தமிழில் இதனைப் ‘போன்மி’ என்று வழங்குவாரும் உளர்.

மீமில் இரு உறுப்புகள் உள்ளன. ஒன்று, எல்லாரும் அறிந்த ஒரு படம். மற்றொன்று, அப்படத்தின்மீது எழுதப்படும் பெயர் அல்லது வாசகம். படம் ஒரு சூழ்நிலையைத் தருகிறது. அச்சூழ்நிலையில் யார் இருக்கிறார் என்பதைப் பெயர் சொல்கிறது. நாடக மேடையில் வேடம் ஆயத்தமாக இருக்க, நடிகர் மட்டும் மாறி மாறி வந்து அணிந்துகொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

தமிழ்நாட்டில் இத்தகைய வேடங்களை மிகுதியாக அளித்தவர் மதுரையில் பிறந்த நடிகர் வடிவேலு. 2003இல் வெளிவந்த ‘வின்னர்’ திரைப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் கைப்புள்ள. ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்னும் அமைப்பின் தலைவராகத் தம்மைக் கருதிக்கொண்டு, வீரம் பேசிப் புறப்பட்டு, அடிபட்டுத் திரும்புவதே அப்பாத்திரத்தின் இயல்பு. 2006இல் வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் அவர் ஏற்ற மன்னர் வேடமும் அத்தகையதே. முறுக்கிய மீசையும் பெருமித நோக்கும் கொண்ட அம்மன்னர், மக்கள் துன்பத்தை அறியாதவர். இவ்வுருவங்களைப் பார்த்த அளவில் தமிழர் எவரும் கதையை நினைவுகூர்வர். விளக்கம் தேவையில்லை என்பதே இப்படங்களின் ஆற்றல்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். சிம்மக்கல்லில் மாநகராட்சித் தேர்தல் நடக்கிறது. நீல அணி, பச்சை அணி என இரண்டு அணிகள் போட்டியிடுகின்றன என்று கொள்வோம். வாக்குப்பதிவுக்கு முன் நீல அணி பெரும் வெற்றி பெறுவதாகக் கூறித் தோற்றுவிடுகிறது. பச்சை அணியினர் அடிபட்டுத் திரும்பும் கைப்புள்ளயின் படத்தில் ‘நீல அணி’ என்று எழுதிப் பகிர்கின்றனர். அடுத்த ஆண்டு பச்சை அணி வாக்களித்த குடிநீர் வரவில்லை. அதே படத்தில் நீல அணியினர் பெயரை மட்டும் மாற்றி ‘பச்சை அணி’ என்று எழுதுகின்றனர். படம் ஒன்றே. அடிபட்டவர் யார் என்பது மட்டும் மாறிவிட்டது. இது முதல்வகை மாற்றம்.

இரண்டாம் வகை இதனினும் நுட்பமானது. தோற்ற நீல அணியினர், தங்களைக் கேலி செய்து பச்சை அணியினர் வெளியிட்ட அதே படத்தை, பெயரையும் மாற்றாமல், தாங்களே பகிரத் தொடங்குகின்றனர். கைப்புள்ள எத்தனை முறை அடிபட்டாலும் மறுபடி எழுந்து வருபவர் அல்லவா! பச்சை அணியினர் அப்படத்தில் கண்டது வீண் வீராப்பு. நீல அணியினர் காட்டுவது தளராமை. எழுத்தும் மாறவில்லை, படமும் மாறவில்லை. பகிர்ந்தவர் மாறியதால் இகழ்ச்சி பெருமிதமாயிற்று. இகழ்ந்தவரின் கருவியைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டால், அக்கருவி இகழும் ஆற்றலை இழக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

நடிகரின் நிலைப்பாடும் படத்தின் போக்கும்

படத்தில் இருப்பவரின் சொந்தக் கருத்தாவது அதன் பொருளைக் கட்டுப்படுத்துமா என்ற வினா எழலாம். 2011ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் வடிவேலு தி.மு.க. அணிக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பரப்புரை செய்தார். நடிகர் விசயகாந்தின் தே.மு.தி.க., அ.தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்திருந்தது. வடிவேலுவின் பேச்சு பெரிதும் விசயகாந்தையே குறிவைத்தது. அத்தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி வென்றது.

வடிவேலு எந்த அணியை ஆதரித்தார் என்பதைத் தமிழகம் முழுவதும் அறிந்திருந்தது. ஆயினும், அவருடைய படங்கள் அந்த அணியின் உடைமையாகவில்லை. தி.மு.க.வை எதிர்ப்போரும் அவருடைய முகத்தைக் கொண்டே தி.மு.க.வைக் கேலி செய்கின்றனர். திரைப்படத்தில் அவர் ஏற்ற வேடம் ஒரு கட்சிக்கு உரியதன்று. எல்லாரும் ஒருமுறையாவது பட்ட அவமானத்துக்கும் ஏமாற்றத்துக்கும் உரியது. ஆகையால் மனிதரின் நிலைப்பாடு ஒருபுறம் இருக்க, படம் தன் வழியே செல்கிறது.

பெயரே எழுதப்படாத படம்

பெயர் எழுதப்படாதபோதும் பொருள் பிளவுபடக்கூடும் என்பதற்கு 2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த ஒன்று சான்று. கட்டடப் பொறியியல் பற்றிய முகநூல் பக்கம் ஒன்று, ஒரு சுத்தியலின் படத்தை இட்டு, இக்கருவிக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று வினவியது. தமிழர் ஒருவர் அதன் பெயரைக் கூறியதோடு, ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் விடையளித்தார். 2001இல் வெளிவந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரமே நேசமணி. அரண்மனை ஒன்றில் வெள்ளையடிக்கும் வேலை நடக்கும்போது மேலிருந்து விழும் சுத்தியல் அவர் தலையைத் தாக்கும்.

இக்கதை அறியாத அயலார், நேசமணி நலமாக இருக்கிறாரா என்று பரிவுடன் கேட்டனர். தமிழர்கள் அதற்கேற்ப முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் விடையளித்தனர். `#Pray_for_Neasamani` என்னும் குறிச்சொல் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. அந்நாள்களிலேதான், மே 30 அன்று, நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமராகப் பதவியேற்றார்.

இந்த உடன்நிகழ்வு போதுமானதாயிற்று. நாடே பதவியேற்பைப் பேசும்போது தமிழ்நாடு நேசமணிக்காக வேண்டிக்கொண்டிருப்பது, ஆட்சியாளர் மீதுள்ள புறக்கணிப்பின் அடையாளம் என்று சிலர் மகிழ்ந்தனர். பயனற்ற விளையாட்டுக்கு நேரம் செலவிடுவோரின் இயல்பு இது என்று வேறு சிலர் சாடினர். வெறும் நகைச்சுவையாகவே கண்டு மகிழ்ந்தோரும் பலர். சுத்தியல் படத்தில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. எந்தத் தலைவரின் முகமும் இல்லை. அதில் அரசியலைச் சேர்த்தது படம் அன்று. அது பரவிய நாளே ஆகும். எனவே, பகிர்பவரைப் போலவே பகிரப்படும் காலமும் பொருளை ஆக்கும் கூறாகிறது.

மரபில் இதன் வேர்

கூறும் சொல் ஒன்றாக இருந்து, கொள்ளும் பொருள் எதிராக அமைவதைத் தமிழ் மரபு நன்கறியும். அதியமானின் தூதுவராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து புதுமை மாறாமல் காவல்மிக்க அரண்மனையில் விளங்குவதைப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாடலில் அமைந்த இப்புகழ்ச்சியைச் சொல்லளவில் கேட்பவருக்குத் தொண்டைமானே உயர்ந்தவன். போர்க்களம் அறிந்தவருக்கோ அவனுடைய படை போரே காணாதது என்பது விளங்கும். இதனை வஞ்சப்புகழ்ச்சி என்பர்.

இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஔவையாரின் சொல்லை ஔவையாரே கூறினார். அவர் எந்த அரசனின் தூதுவர் என்பது அவையறிந்த செய்தி. அதனால் அவருடைய கருத்தை உய்த்துணர முடிந்தது. கூறியவர் யாரென்று அறியாத நிலையில் அதே சொற்கள் வெறும் புகழ்ச்சியாகவே நின்றிருக்கும். மீம் எதிர்கொள்ளும் இடர் அதுவே.

கடல் கடந்த தவளை

இம்மாற்றத்தின் உச்சநிலையை ஒரு தவளைப் படத்தின் வரலாற்றில் காணலாம். அமெரிக்க ஓவியர் மேட் ஃபியூரி 2005இல் தம் சித்திரக்கதையில் பெப்பே என்னும் தவளையைப் படைத்தார். நண்பர்களோடு சோம்பித் திரியும் வெகுளியான பாத்திரம் அது. மகிழ்ச்சி, சோர்வு, ஏமாற்றம் ஆகியவற்றைக் காட்ட ஏற்ற முகமாக இருந்ததால் அப்படம் இணையம் எங்கும் பரவியது.

2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில், வெள்ளை இனவெறிக் குழுக்கள் அத்தவளைக்குத் தங்கள் சின்னங்களை அணிவித்துப் பரப்பின. அவ்வாண்டு செப்டம்பரில், அவதூறு எதிர்ப்புக் கழகம் என்னும் அமெரிக்க யூத அமைப்பு பெப்பேயை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும், அப்படத்தின் பெரும்பாலான பயன்பாடுகள் வெறுப்புக்கு உரியன அல்ல என்பதையும் அது சேர்த்தே குறிப்பிட்டது. ஒரு படத்தை முற்றிலும் தீயது என்று முத்திரையிட இயலாமையை இக்குறிப்பு உணர்த்துகிறது.

மூன்றாண்டுகள் கழித்து 2019இல், ஹாங்காங்கில் மக்களாட்சி கோரிப் போராடிய இளைஞர்கள் அதே தவளைக்குத் தலைக்கவசம் அணிவித்தனர். காயமுற்ற கண்ணுக்குக் கட்டுப் போட்டனர். சுவர்களிலும் பதாகைகளிலும் அதனை நம்பிக்கையின் முகமாக வரைந்தனர். அவர்களுள் பலருக்கு அமெரிக்காவில் அதற்கு ஏறிய பொருள் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு நகைச்சுவைத் தவளை மட்டுமே.

‘நன்னூல்’ கூறும் குழூஉக்குறியோடு இதனை ஒப்பிடலாம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். அக்குறி அக்குழுவினுள் மட்டுமே வழங்குவதால் அதன் பொருள் காக்கப்படுகிறது. பெப்பேயைப் பொறுத்தவரையில் ஒரு குழுவின் குறி அக்குழுவைவிட்டு வெளியேறிவிட்டது. வெளியேறிய குறியை எதிர்க் குழுவும் எடுத்துக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> தம் தவளை வெறுப்பின் சின்னமானதைக் கண்டு வருந்திய மேட் ஃபியூரி, 2017இல் பெப்பேயின் இறுதிச்சடங்கைச் சித்திரமாக வரைந்து அப்பாத்திரத்தை முடித்துவைத்தார். ஆயினும் அப்படம் பரவுவது நிற்கவில்லை. தம் தவளையைச் சுவரொட்டியில் அச்சிட்டு விற்ற ‘இன்ஃபோவார்ஸ்’ என்னும் தளத்தின்மீது அவர் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தார். 2019இல் அத்தளம் 15,000 டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. படத்தை விற்பதைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது; அதன் பொருளை மீட்கச் சட்டத்தால் இயலவில்லை.

பிழையாகப் படித்தலின் விலை

இருவேறு பொருள்கள் மோதும்போது அதன் சுமை சில வேளைகளில் தனிமனிதர் தலையில் விழுகிறது. 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தொடர்வண்டிக் கட்டணத்தை உயர்த்திய அமைச்சர் தினேஷ் திரிவேதி பதவி இழந்தார். முகுல் ராய் அவ்விடத்துக்கு வந்தார். இருவரும் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் கட்சியைச் சேர்ந்தவர்கள். இம்மாற்றத்தைக் கேலி செய்யும் படம் ஒன்று மின்னஞ்சலில் பரவியது. சத்யஜித் ராய் இயக்கி 1974இல் வெளிவந்த ‘சோனார் கெல்லா’ என்னும் திரைப்படத்தின் உரையாடலை அது எடுத்தாண்டது. அப்படத்தில் வரும் சிறுவனின் பெயரும் முகுல். தீய மனிதர் மறைந்துபோய்விட்டார் என்னும் கருத்தில் வரும் ‘வேனிஷ்’ என்ற சொல்லை வங்காளத்தில் அறியாதார் அரிது.

யாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபத்ரா அப்படத்தை மற்றவர்களுக்கு அனுப்பினார். ஏப்ரலில் அவர் கைது செய்யப்பட்டார். திரைப்படத்தை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அது பதவி பறிபோனதைக் குறிக்கும் எள்ளல். ஆளுங்கட்சித் தரப்பினரோ ‘மறையச் செய்தல்’ என்பதைக் கொலைக்கான குறிப்பாகப் பொருள்கொண்டனர். அவ்வழக்கில் சேர்க்கப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்சநீதிமன்றம் 2015இல் ‘ஷ்ரேயா சிங்கல்’ வழக்கில் நீக்கியது. எனினும், பேராசிரியர் வழக்கிலிருந்து முழுமையாக விடுபட்டது 2023 சனவரியில்தான். ஒரு சொல்லை இருவிதமாகப் படித்ததால் கழிந்த காலம் ஏறத்தாழ 11 ஆண்டுகள்.

படத்தைப் படிக்கும் முறை

ஒரு மீமின் பொருளை அறிய, படத்தை மட்டும் உற்றுநோக்குவது போதாது என்பது இதுவரை கண்ட நிகழ்வுகளால் விளங்கும். முதலில், அப்படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, அங்கே அக்காட்சி எதை உணர்த்தியது என்று அறிதல் வேண்டும். அடுத்து, அதன்மீது எழுதிய பெயர் யாருடையது, அதனைச் சேர்த்தவர் எவ்வணியினர் என்று காணல் வேண்டும். பின்னர், அது பகிரப்பட்ட நாளில் என்ன நிகழ்ந்தது என்று பார்த்தல் வேண்டும். இறுதியாக, அக்குழுவினர் அதற்கு எவ்வாறு மறுமொழி அளிக்கின்றனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். கேலிக்குரியவராகக் காட்டப்பட்டவரே அதனை மகிழ்ந்து பகிர்கிறார் எனில், பொருள் புரண்டுவிட்டது என்பதற்கு அதுவே தெளிவான அடையாளம்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. திரைப்பிடிப்பாக எடுக்கப்பட்டு வெட்டி ஒட்டப்பட்ட படத்தில் பகிர்ந்தவர் பெயரும் நாளும் மறுமொழிகளும் மறைந்துவிடும். அந்நிலையில் பார்ப்பவர் தம் மனத்திலுள்ள அணியையே படத்தின்மேல் ஏற்றிப் பொருள்கொள்கிறார். அத்தகைய படம் ஒருவரைப் பற்றிய சான்றாக முன்வைக்கப்படும்போது, வெட்டப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்பதே கேட்கத்தக்க முதல் வினா ஆகும். சிம்மக்கல் சுவரில் கீழ்ப்பகுதி கிழிந்துபோன சுவரொட்டியைக் காண்பவர், வாழ்த்து யாருடையது என்று அறியக் கிழிந்த இடத்தையே நோக்குவார். கைப்பேசிப் படத்திலும் நோக்க வேண்டியது அவ்விடத்தையே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் காணப்படும் சுவரொட்டிகள் மூன்றனைத் தேர்ந்து, ‘இவண்’ பகுதியை மறைத்துப் படித்தால் அவற்றின் பொருள் எவ்வாறு மாறுகிறது என்று எழுதுக.
2. நீங்கள் அறிந்த திரைப்படக் காட்சி ஒன்றினைத் தேர்ந்து, எதிரெதிரான இரு விளையாட்டு அணிகளின் ஆதரவாளர்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தக்கூடும் என்று வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. சுவரொட்டியில் ‘இவண்’ என்னும் சொல் ஆற்றும் பணி யாது?
2. மீமின் இரு உறுப்புகள் யாவை?

*சிறுவினா*

1. பெயரை மாற்றாமலே இகழ்ச்சி பெருமிதமாக மாறுவதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. குழூஉக்குறிக்கும் பெப்பே தவளைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.

*நெடுவினா*

1. படத்தின் பொருள் பகிர்பவராலும் காலத்தாலும் மாறுபடுவதைப் பாடப்பகுதியில் உள்ள நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.